பனியன் வேஸ்ட் சுற்றிய குழாய்

எனக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் எழும். வாய் பிறகுதான் பேசும், மூளை எப்போதாவது வரும். ஊத்துக்குளியில் எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லியே பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிப்போனது. திருப்பூருக்கு வந்து ஏசி மெக்கானிக்காகப் பெயர் எடுத்த பிறகும் அந்தக் கை அடங்கவில்லை. வேலையில் ஒருவர் குறை சொல்லிவிட்டால் போதும், காது சூடாகிவிடும்.

நான் ஏசி வேலை பார்த்த ஒரு பனியன் கம்பெனி அவிநாசி போகிற வழியில் இருந்தது. கீழே நாற்பது மெஷின் ஓடும் தையல் ஹால், அதையொட்டிச் சாம்பிள் ரூம், மாடியில் பெண்களுக்கான பாத்ரூம். வெளிநாட்டுக்காரன் சீல் வைத்து ஒப்புக்கொண்ட சாம்பிள் துணிகளைத் தொங்கவிடுகிற இடம் அந்தச் சாம்பிள் ரூம், அதனால் அங்கே காலையிலிருந்து சாயங்காலம் வரை ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். ஏசியைப் போட்டவன் நான். செம்புக் குழாய்கள் வெளியே தெரிந்தால் அழகு கெட்டுவிடும் என்று முதலாளி சொல்ல, சுவரை வெட்டி உள்ளேயே விட்டு, மொட்டை மாடியில் இருக்கும் வெளி யூனிட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். அதே சுவரில், ஓரடி தள்ளி, மாடிப் பாத்ரூமுக்கான தண்ணீர்க் குழாய் போனது. அதைப் போட்டவன் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மண்ணரையில் குடியிருந்த ஒரு பிளம்பர். என்னைவிடப் பத்து வயது சின்னவன். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். ஒன்றாக டீ குடித்திருக்கிறோம், ஒரே ஏணியில் மாறி மாறி ஏறியிருக்கிறோம்.

இரண்டாவது வருஷம் அந்தச் சுவர் கெட்டுப்போனது. முதலில் பெயிண்ட் கொப்புளம் விட்டது. அப்புறம் உப்புப் பூத்து, பூச்சு பொருபொருவென்று உதிர்ந்து, கறுப்பாகப் பூசணம் பிடித்தது. சுவரோரம் தொங்கிய சாம்பிள் இரண்டில் மஞ்சளாகக் கறை ஏறிவிட்டது. அன்றைக்கு முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். எங்கள் கொங்குப் பக்கத்து மனுஷர். எவ்வளவு ஆத்திரத்திலும் 'ங்க' போடாமல் பேச மாட்டார். அதுதான் இன்னும் பயமாக இருக்கும்.

"ஏனுங்க, இந்தச் செவுரு என்னுங்க பாவம் பண்ணுச்சு? ஏசி மெக்கானிக்கு பாத்ரூம் லைன்ங்கறாரு. பிளம்பர் தம்பி ஏசிங்கறாப்புடி. நா ஆரைங்க நம்பறது?"

பிளம்பர் நிதானமாகத்தான் சொன்னான். "மொதலாளி, நாலு நாளு மெயின் வால்வை அடைச்சுப் பாத்தாச்சு. லைன்ல சொட்டுத் தண்ணி கெடையாது. செவரு அப்பமும் ஈரமாத்தான் இருந்துச்சு. மேல பொம்பளைப் பிள்ளைக கஷ்டப்படுதாங்கன்னு இன்னைக்குக் காலைலதான் தொறந்து விட்டேன்."

"நனஞ்ச செவுரு காயறதுக்கு மாசமாகுமப்பா. நாலு நாள்ல காஞ்சர்றதுக்கு அதென்ன துண்டா?" என்றேன். முதலாளி தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

அவன் விடவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பேசினான். "காலைல வந்து தொட்டுப் பாத்தா செவரு பரவால்ல. ஏசி ஓடி ரெண்டு மணி நேரம் ஆச்சுன்னா சில்லுன்னு நனையுது. அண்ணே, கோவப்படாதிய. ஒங்க பைப்புதான் வேர்க்குது."

அவன் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. ஏசியின் செம்புக் குழாய்களில் போகிற காஸ் ஐஸ் மோர் டம்ளரைப் போலச் சில்லென்று இருக்கும். ஈரக் காற்று பட்டால் டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக வேர்க்கிறதே, அதேதான் குழாயிலும் நடக்கும். காற்றே படாதபடி ரப்பர் இன்சுலேஷனை ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியாகப் போர்த்தி, இணைப்புகளைப் பசை போட்டு மூடுவது அதற்காகத்தான். மயிரிழை அளவு திறந்திருந்தாலும் அந்த வழியாகக் காற்று புகுந்து வேர்க்க ஆரம்பித்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தவனிடமே வந்து உன் பைப் வேர்க்கிறது என்றால் எப்படி இருக்கும்?

அறைந்துவிட்டேன். ஒரு அறை இல்லை. முதல் அறையில் அவன் தொப்பி பறந்தது. இரண்டாவதில் சாம்பிள் ஸ்டாண்டோடு சாய்ந்தான். ஹேங்கர்கள் சடசடவென்று அவன் மேல் விழுந்தன. எழுந்து வந்தவன் என் சட்டையைப் பிடித்தான். "கைய வச்சிட்டியல்ல, செவரை ஒடச்சுப் பாப்போம், வாங்க!" என்று கத்தினான். அவன் உதடு கிழிந்து ரத்தம் தாடையில் இறங்கியது. தையல் ஹாலில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கதவில் தலைகளாகத் தெரிந்தன.

முதலாளி நடுவில் வந்து இருவரையும் பிரித்தார். "செரிங்க. ரெண்டு பக்கமும் ஒடச்சுப் பாத்தர்லாமுங்க. ஆரு பைப்புல தண்ணியோ, அவங்க நாளைலருந்து இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம். எங்க பங்காளிக கம்பெனி அஞ்சாறு இருக்குது, அங்கயும் மிதிக்க வேண்டாம்."

எங்கள் இருவருக்குமே அந்தப் பங்காளிக் கம்பெனிகள்தான் சோறு. அங்கே ஒருவன் பெயர் கெட்டால் திருப்பூரில் பாதிக் கதவு அடைபட்டுவிடும். பிளம்பர் என் பக்கத்தைத்தான் முதலில் உடைக்கச் சொன்னான். நான் எங்கே விட்டேன்? மூலையில் கிடந்த சுத்தியலையும் உளியையும் தூக்கிக்கொண்டு அவன் குழாய் போகிற இடத்தில் ஓங்கிப் போட்டேன்.

"அண்ணே, மெதுவா! உள்ள தண்ணி பிரஷர்ல நிக்கி! பைப்புல பட்டுரும்!"

"பட்டா படட்டும் போடா!"

பூச்சு பெயர்ந்து விழுந்தது. அடுத்த சில்லு பெயர்ந்ததும் குழாயின் முதுகும் அதில் ஒரு ஜாயிண்ட்டும் தெரிந்தன. அதைச் சுற்றியிருந்த சிமெண்ட் வெளுத்துக் காய்ந்து கிடந்தது. உளி நுனியில் பட்டதும் மாவு மாதிரி உதிர்ந்து என் மணிக்கட்டில் விழுந்தது. அந்தத் தூசியை நான் பார்த்தேன். அவன் எனக்குப் பின்னால் நின்றான், முதலாளி கதவோரம் நின்றார். என் முதுகு மறைத்துக்கொண்டிருந்ததால் வேறு யாரும் பார்க்கவில்லை. அந்த இடத்தில் ஈரம் என்பதே இல்லை. நனைந்திருப்பது என் பக்கம்தான் என்று அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது.

புரிந்த பிறகும் இன்னொரு அடி அடித்தேன். இந்த முறை உளி இல்லை, சுத்தியலே நேராக அந்த ஜாயிண்ட்டில் இறங்கியது.

தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. என் முகம், சுவர், சாம்பிள், மேஜை எல்லாம் நனைந்தது. "பாத்துக்குங்க! பாத்துக்குங்க! பூச்சைத் தட்டுனதுக்கே ஜாயிண்ட்டு உட்டுப்போச்சு! ஆரு பைப்புல தண்ணின்னு இப்பப் பாத்துக்குங்க!" என்று கத்தினேன். ஒரு பெண் ஐயோ என்று அலறினாள். பிளம்பர் மாடிப்படியில் தாவி வால்வை அடைக்க ஓடினான். அவன் திரும்பி வந்தபோது முதலாளி அவன் கன்னத்தில் விட்ட அறை ஹால் கடைசி வரை கேட்டிருக்கும். "இன்னி உன்ற மூஞ்சியே பாக்கக் கூடாதுங்க தம்பி" என்றார். அப்போதும் 'ங்க'.

அவனுடைய டூல்ஸ் பையைத் தூக்கி நான்தான் வாசலில் எறிந்தேன். ஒரு ரெஞ்ச் சிமெண்ட் தரையில் துள்ளிக்கொண்டு போனது. அவன் அதைப் பொறுக்கி எடுத்தான். என்னைப் பார்த்துத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் உடைந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு போய்விட்டான். என் பக்கத்துச் சுவரை யாரும் உடைக்கச் சொல்லவில்லை.

பாத்ரூம் லைனை வேறு ஆள் வைத்து வெளிச் சுவருக்கு மாற்றிவிட்டார்கள். உடைத்த இடத்தைப் பூசிப் பெயிண்டும் அடித்தார்கள். நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். மூன்று மாதம் ஓடியது. மழைக்காலம் வந்து காற்றில் ஈரம் ஏறியதும் முதலாளியிடமிருந்து போன் வந்தது. "ஏனுங்க, கூலிங்கே இல்லீங்க. செவுரும் மறுக்காப் பொத்துக்கிச்சு. பாத்ரூம் பைப்புத்தான் அங்க இல்லியே, இதென்னுங்க மாயம்?"

ஞாயிற்றுக்கிழமை காலையில், கம்பெனி விடுமுறையில், தனியாகப் போனேன். ஏசியை ஓடவிட்டு ஃபில்டர் பார்த்தேன், சுத்தம். காஸ் அழுத்தம் பார்த்தேன், சரி. ஆனால் வருகிற காற்றில் உயிரில்லை. மொட்டை மாடிக்கு ஏறினேன். வெளி யூனிட்டுக்குப் போகிற குழாயின் மேல் இருந்த இன்சுலேஷன் வெயிலில் வெந்து, வாய்க்கால் வெடிப்பு மாதிரி நீளமாகப் பிளந்து கிடந்தது. தொட்டால் கறுப்புப் பொடியாகக் கையோடு வந்தது. பிளவுக்குள் செம்பு பளபளவென்று நனைந்திருந்தது. அந்தத் தண்ணீர் குழாயோடு வழிந்து நேராகச் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அது பாதிதான். கீழே வந்து சுவரை உடைத்தேன். உள் யூனிட்டிலிருந்து மூன்றடி தூரத்தில், இரண்டு இன்சுலேஷன் துண்டுகள் சேர வேண்டிய இடத்தில், சேரவில்லை. ஒரு சாண் இடைவெளி. அதில் துணி சுற்றி, அதன் மேல் டேப் இறுக்கிச் சுற்றியிருந்தது. டேப்பை அறுத்தேன். உள்ளே இளஞ்சிவப்பு பனியன் துணி, ஓரமெல்லாம் கறுத்துப் பிசுபிசுவென்று. பிழிந்தேன். கை நிறையத் தண்ணீர் வந்தது. மறுபடி பிழிந்தேன், மறுபடியும் வந்தது.

அந்த நிறம் எனக்கு மறக்குமா? நான் ஏசி போட்ட சமயம் அங்கே ஓடிய குழந்தை உடுப்பு ஆர்டர் அது. கட்டிங் டேபிளுக்கு அடியில் வெட்டிக் கழித்த இளஞ்சிவப்புத் துணி, எங்கள் பேச்சில் பனியன் வேஸ்ட், மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அன்றைக்கு இன்சுலேஷன் ஒரு சாண் குறைந்தது. கடைக்கு யார் போவது என்று வேஸ்ட்டில் ஒரு பிடி அள்ளிச் சுற்றிவிட்டேன். திருப்பூரில் எங்களுக்கெல்லாம் அது பழக்கம். கை துடைக்க பனியன் வேஸ்ட், வண்டி துடைக்க பனியன் வேஸ்ட், ஏணிக்காலுக்குக் கீழே வைக்க பனியன் வேஸ்ட். குழாயில் சந்து விழுந்தாலும் அதுதான். துணி குளிருக்குப் போர்வை ஆகிறதே, குழாய்க்கும் ஆகாதா என்பது எங்கள் மூளை. ரப்பருக்குள் காற்று புகாது, துணிக்குள் புகும். புகுந்த ஈரம் செம்பில் பட்டுத் தண்ணீராகும். பருத்தி அதைக் குடித்து வைத்துக்கொண்டு, பக்கத்துச் சுவருக்கு ஊட்டும். நனைந்த துணி சுவரின் சூட்டையும் குழாய்க்குக் கடத்தும். அறைக்குப் போக வேண்டிய குளிர்ச்சி முழுக்கச் சுவருக்குள் வீணாய்ப் போகும். போதாததற்கு, நான் டேப்பை இழுத்து இறுக்கியதில் இரண்டு பக்கமும் நல்ல ரப்பர்கூட நசுங்கி மெலிந்து, அதன் மேலேயும் வேர்த்திருந்தது.

கையிலிருந்த துணியைச் சுவரில் அடித்தேன். சுவரையும் அடித்தேன், வெறும் முஷ்டியால், விரல் முட்டி பிய்கிற வரைக்கும். பிறகு அந்தத் துணியைப் பாலிதீன் கவரில் சுருட்டி என் பைக்குள் திணித்துவிட்டு, கடைக்குப் போய்த் தடித்த ரப்பர் டியூப் வாங்கி வந்தேன். இரண்டு குழாய்க்கும் தனித்தனியாகப் போட்டு, முனையோடு முனை பசை தடவி ஒட்டி, டேப்பை நசுக்காமல் சும்மா படிகிற மாதிரி சுற்றினேன். மாடியில் வெயில் படாமல் பிவிசி உறை போட்டு, சுவர்த் துளையை அடைத்து, கீழே உடைத்த இடத்தையும் பூசி மூடினேன். ஒழுங்காகச் செய்ய அரை நாள்தான் ஆனது. அரை மணியில் அறை ஐஸ் பெட்டி ஆகிவிட்டது.

மறுநாள் முதலாளி போனில் மெச்சிக்கொண்டார். "இப்பத்தானுங்க ஜில்லுனு இருக்குது. என்னுங்க பண்ணுனீங்க?" "சும்மா சர்வீஸ்தானுங்ணா" என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். காறித் துப்பலாம் போல இருந்தது, என் மேலேயே.

இரண்டு வாரம் அப்படியே ஓட்டிவிட்டேன். அப்புறம் மண்ணரையில் ஒரு வீட்டுக்கு ஏசி சர்வீஸ் செய்யப் போனேன். அந்த வீட்டம்மா பேச்சுவாக்கில் சொன்னார். "எங்க பிளம்பருக்கு என்னமோ ஆயிருச்சுங்க. பாவம், தூத்துக்குடிப் பையன். கூப்புடாமயே வந்து, தான் போட்ட ஜாயிண்ட்டு ஒழுகுதான்னு பாக்கோணும்னு நிக்கறாப்புடி. நல்லா இருக்கற பைப்பையெல்லாம் அறுத்து மறுபடி ஒட்டிட்டுப் போறாரு. தெருவுல நாலு ஊட்ல இப்புடிப் பண்ணீட்டாருங்க. இப்ப ஆருமே அவர உள்ள உடறதில்ல."

ஏணியில் நின்றபடி கேட்டேன். வேலை போன கோபத்தில் அவன் என்னைச் சபித்துக்கொண்டிருப்பான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவன் என்னைச் சந்தேகப்படவே இல்லை. தண்ணீர் பீய்ச்சியதைக் கண்ணால் பார்த்தவன், தன் ஜாயிண்ட்தான் முன்பே கசிந்திருக்கிறது என்று தன் கையையே சந்தேகப்பட்டிருக்கிறான்.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து எதையோ ராவிக்கொண்டிருந்தான். கீழுதட்டில் தழும்பு. "வண்டில ஏறு. கம்பெனிக்குப் போலாம்" என்றேன்.

"நான் அங்க வரமாட்டேன்ணே. எனக்கு இனிமே என்ன சோலி அங்க?"

"ஏறுடாங்கறேன்!" அப்போதும் அதட்டல்தான். கெஞ்ச எனக்குத் தெரியவில்லை. அவன் ஏறினான்.

ஹாலில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. லைன் சூப்பர்வைசரிடம் சொல்லி நிறுத்தச் சொன்னேன். முதலாளி வந்தார். பிளம்பரைக் கண்டதும் முகம் சிவந்தது. நான் பையிலிருந்த இளஞ்சிவப்புத் துணியை எடுத்துக் காட்டினேன். காயாமல் அப்படியே நாறிக்கொண்டிருந்தது. சுவர் நனைந்தது இதனால்தான், ரப்பர் போட வேண்டிய இடத்தில் வேஸ்ட்டைச் சுற்றியவன் நான்தான், என்று சொன்னேன். குரல் எப்படியோ வந்துவிட்டது. வேலையில் பிசகு, அவ்வளவுதானே. எவன் வேலையில் பிசகில்லை?

முதலாளி துணியை என் கையிலிருந்து பிடுங்கி என் முகத்திலேயே விளாசினார். "நாங்க போட்ட வேஸ்ட்ட வெச்சே எங்க செவுத்த அழிச்சீங்களா? ஏனுங்க, மனுசனுங்களா நீங்க?" இன்னொரு முறை விளாசினார். வாங்கிக்கொண்டேன்.

பிளம்பர் மட்டும் அசையவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி நின்றான். பிறகு கேட்டான். "அப்பம், அன்னைக்கு என் பைப்புல வந்த தண்ணி?"

நாற்பது மெஷினும் நின்றிருந்தன. இதை அவன் கேட்பான் என்று நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் வந்திருப்பேனா, தெரியாது. ரெண்டும் ஒழுகுச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"உன்ற பைப்பு ஒழுகல. சுத்தியும் தூசி காஞ்சு கெடந்துச்சு. நாம் பாத்தேன். பாத்துப்போட்டுத்தான் சுத்தியல்ல போட்டேன்."

அவன் அடித்த முதல் அடி என் வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் உருண்டது. அடுத்தது கண்ணுக்குக் கீழே. கீழே விழுந்தேன். அவன் என் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இரண்டு கையாலும் குத்தினான். என் கை பழக்கதோஷத்தில் மேலே எழுந்தது. அதை நானே முதுகுக்குக் கீழே போட்டு அழுத்திக்கொண்டேன். யாரோ பிடிங்க பிடிங்க என்றார்கள். முதலாளி, "உடுங்க, அடிக்கட்டும்" என்றார்.

அவனாகத்தான் நிறுத்தினான். மூச்சு வாங்கியது. முட்டியெல்லாம் என் ரத்தம். என் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்து முகத்தை முகத்தருகே இழுத்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. குரல் மட்டும் அடிக்கிற ஆளின் குரலாக இல்லை.

"அப்பம் என் ஜாயிண்ட்டு நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். வாயில் ரத்தமும் பல்லுமாக இருந்ததில் எனக்கே அது கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லு" என்றான். சொன்னேன். சட்டையை விடாமல், "இன்னொரு தடவ சொல்லு" என்றான்.